பழைய வீடியோ நாடாக்களைக் கணினியிற் சேமித்தல்



1980 ஆம், 1990 ஆம் ஆண்டுகளிலே மணவிழா, பூப்புனித நீராட்டு விழா, கோயிற் கொடியேற்றம், பிரியாவிடை முதலிய வைபவங்களைப் படம் பிடித்த வீடியோ நாடாக்கள் நம்மவர் வீட்டு அலுமாரிகளில் இன்றும் அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை வீ.எச்.எஸ். வகையைச் சேர்ந்தவை. போரினாலும் இடப்பெயர்வினாலும் புகைப்படத் தொகுதிகளை இழந்துவிட்ட குடும்பங்கள் பல. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் உறவினரிடம் முன்னரே அனுப்பப்பட்டிருந்த நாடா ஒன்றுதான், மறைந்துபோன தாய் தந்தையர் நடமாடுவதையும் பேசுவதையும் காண்பதற்கு அக்குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று.

அந்நாடாவை இயக்கும் கருவியோ அருகி வருகின்றது. 1976 ஆம் ஆண்டில் யப்பானிலே ஜே.வீ.சி. நிறுவனம் அறிமுகஞ் செய்த இம்முறைக்குரிய பதிவுக் கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஆம் ஆண்டு யூலை மாதத்தோடு அத்தொழிலை நிறுத்திவிட்டது. நம்மவர் ‘டெக்’ என வழங்கும் அக்கருவி ஒன்று நல்ல நிலையிற் கிடைக்கும்போதே நாடாக்களைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாற்ற முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா வேறொன்று. எத்தனை புள்ளிகள் கொண்ட படமாக, எந்த வடிவத்தில் மாற்றுவது? மிகப் பெரிதாக மாற்றினால் வீட்டிலுள்ள வன்தட்டு நிரம்பிவிடும். மிகச் சிறிதாக மாற்றினால் இழந்ததை மீட்க முடியாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை இன்று ஆராய்வோம்.

முதலில், நாடாவில் உண்மையாக இருப்பது எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். இலங்கையிலும் இங்கிலாந்திலும் வழங்கிய ‘பால்’ என்னும் தொலைக்காட்சி முறையிலே ஒரு படம் 625 கிடைக்கோடுகளால் ஆனது. அவற்றுட் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. இக்கோடுகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டவை. அவற்றின் எண்ணிக்கையை நாடா குறைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கோட்டின் நெடுகிலும் எவ்வளவு நுணுக்கம் பதியலாம் என்பதில் வீ.எச்.எஸ். நாடா மிகவும் வறியது. ஒளியும் இருளும் மாறிமாறி வரும் விவரங்களில், ஒரு கோட்டின் முழு நீளத்துக்கும் சுமார் 320 மாத்திரமே அதில் நிற்கும். நிறத்தின் நுணுக்கம் இதனிலும் பன்மடங்கு குறைவு. சிவப்புக் கூறைச்சேலையின் நிறம் சேலையின் விளிம்பைத் தாண்டி வழிந்து நிற்பதைப் பழைய மணவிழாப் படங்களிற் கண்டிருப்பீர்கள். அது படப்பிடிப்பாளரின் குறையன்று. நாடாவின் இயல்பே அது.

இவ்வளவே உள்ள படத்துக்கு 720 புள்ளி அகலமும் 576 புள்ளி உயரமும் கொண்ட சட்டம் தாராளமாகப் போதும். உயரத்திலே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரிசை கிடைக்கின்றது. அகலத்திலே நாடா தரக்கூடியதைப் போல இரு மடங்குக்கு மேல் இடம் இருக்கின்றது. சந்தையிலே, நாடாப் படத்தை ‘முழு எச்.டி.’ ஆக மாற்றித் தருவோம் என்று கூறும் சிறு பெட்டிகள் விற்கப்படுகின்றன. அவை தருவது 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட சட்டம். கணக்கிட்டுப் பார்த்தால், 720 ஐ 576 ஆற் பெருக்க 4,14,720 புள்ளிகள். 1920 ஐ 1080 ஆற் பெருக்க 20,73,600 புள்ளிகள். இது சரியாக ஐந்து மடங்கு. ஐந்து மடங்கு புள்ளிகளிலும் நாடாவில் இல்லாத ஒரு விவரமும் புதிதாக வந்துவிடாது. கரைத்த பாலுக்கு மேலும் தண்ணீர் சேர்ப்பது போன்றது இது. அன்றியும் இப்பெட்டிகள் பல, 4க்கு 3 என்னும் விகிதமுடைய பழைய படத்தை அகன்ற திரைக்கு இழுத்துவிடுகின்றன. மணமக்களின் முகங்கள் பருத்துத் தோன்றினால், நேர்ந்தது இதுவேயென்று அறியலாம்.

இனி, சட்டத்தின் அளவைக் காட்டிலும் பெரிய இழப்புக்கு இடமாகும் விடயத்துக்கு வருவோம். பழைய தொலைக்காட்சி முறையில், ஒரு செக்கனுக்கு 25 முழுச் சட்டங்கள் என்று சொல்லப்படினும், ஒவ்வொரு சட்டமும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டதன்று. முதலில் ஒற்றைக் கோடுகள் மாத்திரம் எடுக்கப்படும். செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு கழிந்தபின் இரட்டைக் கோடுகள் எடுக்கப்படும். இவற்றை அரைச்சட்டங்கள் என்போம். ஆகவே நாடாவில் ஒரு செக்கனுக்கு 50 வேறுவேறு கணங்கள் பதிந்துள்ளன. அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. பழைய வீடியோவின் அசைவு அவ்வளவு இயல்பாகத் தோன்றியதன் காரணம் இதுவே.

இன்றைய கணினித் திரையும் கைப்பேசியும் முழுச் சட்டங்களையே காட்டுகின்றன. இரு அரைச்சட்டங்களையும் அப்படியே ஒன்றாக ஒட்டிக் காட்டினால், நிலையாயிருக்கும் பொருள்கள் தெளிவாக இருக்கும். அசையும் கையின் ஓரமோ சீப்பின் பற்கள் போலப் பிளவுண்டு தோன்றும். இதைக் கண்டு அஞ்சி, மலிவான கருவிகளோடு வரும் மென்பொருள்கள் பல, ஓர் அரைச்சட்டத்தை எறிந்துவிட்டு 25 சட்டங்களை மாத்திரம் சேமிக்கின்றன. வேறு சில இரண்டையும் கலந்து மங்கலாக்கிவிடுகின்றன. சீப்புப் பற்கள் மறைந்துவிடும். ஆனால் அசைவின் பாதி என்றென்றைக்கும் போய்விடும். நாடாவை மீண்டும் ஓட்டினாலன்றி அதைத் திரும்பப் பெறுதல் இயலாது. எனவே, பதிவு செய்யும்போது அரைச்சட்டங்களைத் தொடாது உள்ளவாறே பதிவுசெய்தல் வேண்டும். பிரித்து முழுமையாக்கும் வேலையைப் பின்னர், செக்கனுக்கு 50 முழுச் சட்டங்கள் வரும்வண்ணம் செய்தல் வேண்டும். பதிவு மென்பொருளில் ‘டீஇன்ரலேஸ்’ என்னும் தெரிவு இருப்பின் அதை அணைத்துவிடுங்கள்.

இனி வடிவத்தின் தேர்வு. இங்கே ஒரு குடும்பத்தின் நிலையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும். ஒரு வீட்டிலே 24 நாடாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சராசரி இரண்டு மணி நேரப் படம். ஆக 48 மணி நேரம். அவர்களிடம் உள்ளது ஒரு டெராபைட் கொள்ளளவுடைய வெளி வன்தட்டு. அதனை விண்டோஸ் கணினியில் இணைத்தால் 931 ஜிகாபைட் என்று காட்டும். இது கணக்கிடும் முறையின் வேறுபாடு. தட்டிற் குறையொன்றும் இல்லை.

படத்தைச் சிறிதும் சுருக்காது அப்படியே வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிகாபைட் வேண்டும். 48 மணி நேரத்துக்கு 3,600 ஜிகாபைட். இத்தகைய வன்தட்டுகள் மூன்றிலும் அது அடங்காது. ஆகவே இது நமக்கு ஒவ்வாது.

அடுத்தது, இழப்பின்றிச் சுருக்கும் முறை. இதில் விரித்தெடுக்கும்போது ஒரு புள்ளியேனும் மாறாது முன்பிருந்தபடியே கிடைக்கும். கணினித் திரையில் FFV1 என்னும் பெயரோடு காணப்படும் முறை இதற்கு ஏற்றது. ஒஸ்திரியா நாட்டின் தேசிய ஒலி, ஒளி ஆவணகம் போன்ற நிறுவனங்கள் தத்தம் நாடாக்களைக் காப்பதற்கு இதனைக் கைக்கொண்டிருக்கின்றன. இதற்கு உரிமைக் கட்டணம் இல்லை. அதன் இலக்கணமும் 2021 ஆம் ஆண்டில் யாவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. வீட்டு நாடாவொன்று இம்முறையில் மணிக்குச் சுமார் 30 ஜிகாபைட் கொள்ளும். நாடாவில் ‘பனி’ அதிகமாயின் இன்னும் கூடும். ஏனெனில், திரையில் மினுங்கும் வெள்ளைப் புள்ளிகளையும் கணினி அரிய விவரமென்றே கருதிக் காப்பாற்றும். 48 மணி நேரத்துக்கு 1,440 ஜிகாபைட். இதுவும் நம் தட்டில் அடங்காது.

மூன்றாவது, இழப்புடன் சுருக்கும் முறை. இன்று எந்தக் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓடக்கூடியது H.264 என்னும் முறை. இதில் 50 முழுச் சட்டங்களோடு, கண்ணுக்கு மூலத்தினின்றும் வேறுபாடு தெரியாத அளவில் வைத்தால், மணிக்குச் சுமார் இரண்டேகால் ஜிகாபைட் போதும்; பனி நிறைந்த நாடாக்களுக்கு மூன்று அல்லது நான்கு ஆகலாம். 48 மணி நேரமும் ஏறத்தாழ 108 ஜிகாபைட்டில் அடங்கிவிடும்.

இங்கே ஒன்றை மாத்திரம் தெரிந்து மற்றதை விட்டுவிடத் தேவையில்லை. அக்குடும்பத்தினர் 24 நாடாக்களையும் பார்த்தபின், ஈடு செய்ய முடியாதவை எவையெனத் தெரிந்துகொள்ளலாம். பாட்டனார் பேசும் ஒரே நாடா, இடிந்துபோன வீட்டைக் காட்டும் நாடா, இப்படியாக ஆறு நாடாக்கள் அமைகின்றன என்று கொள்வோம். அந்த 12 மணி நேரத்தை இழப்பில்லா முறையில் வைத்தால் 360 ஜிகாபைட். அத்துடன் அனைத்து நாடாக்களுக்கும் பார்ப்பதற்கான பிரதி 108 ஜிகாபைட். ஆக மொத்தம் 468 ஜிகாபைட். தட்டிலே பாதிக்குமேல் இடம் எஞ்சுகின்றது. அடுத்த நாடாவைப் பதிவுசெய்யும்போது இழப்பில்லாக் கோப்பைத் தற்காலிகமாக வைப்பதற்கு அந்த இடம் உதவும். ஏனைய 18 நாடாக்களின் பெரிய கோப்புகளை, பார்ப்பதற்கான பிரதியைச் சரிபார்த்தபின் அழித்துவிடலாம். ஆனால் மூல நாடாக்களை எறிந்துவிடற்க.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். நாடாவை இயக்கியில் இடுமுன், அதன் சாளரத்தின் வழியே சுருளை வெளிச்சத்திற் பாருங்கள். நமது நாட்டின் ஈரக் காற்றிலே வெண்ணூல் போன்ற பூஞ்சணம் சுருளின் மேற் படர்வது வழக்கம். அத்தகைய நாடாவைத் துப்புரவு செய்யாது இட்டால், இயக்கியின் தலை அழுக்கேறிப் படம் மறைவதோடு, அடுத்து இடும் நாடாவுக்கும் பூஞ்சணம் பரவும். சுத்தமான நாடாவை ஒருமுறை இறுதிவரை முன்னோக்கிச் சுற்றிப் பின் திரும்பச் சுற்றுங்கள். நெடுங்காலம் ஒட்டிக் கிடந்த சுருள் தளர்ந்து சீராக ஓடும். பின்னர் இயக்கியின் மஞ்சட் கம்பியைப் படத்துக்கும், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை ஒலிக்கும், கணினியிற் பொருத்தும் பதிவுக் கருவியோடு இணைத்து ஓட்டுங்கள். இரண்டு மணி நேர நாடாவுக்கு இரண்டு மணி நேரம் செல்லும். இதனை விரைவாக்கும் வழி இல்லை. படத்தின் அடியிலே சில கோடுகள் கலங்கித் தோன்றுவது எல்லா நாடாக்களுக்கும் உரியது. அதுபற்றிக் கவலை வேண்டாம். படம் முழுவதிலும் கிடைக்கோட்டுப் பட்டைகள் ஓடினால், இயக்கியிலுள்ள ‘ட்ரக்கிங்’ பொத்தானைத் திருத்துங்கள்.

பதிவான இழப்பில்லாக் கோப்பினின்றும் பார்ப்பதற்கான பிரதியை எடுக்க, எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருள் போதும். அதற்குரிய கட்டளை வானொலியிற் கேட்டு எழுதிக்கொள்வதற்கு வசதியானதன்று. எனினும், இவ்வுரையை அச்சிற் படிப்போருக்காக இங்கே தரப்படுகின்றது.

```
ffmpeg -i nada07.mkv \
 -vf "bwdif=mode=send_field:parity=tff:deint=all" \
 -aspect 4:3 -c:v libx264 -crf 20 -preset slow \
 -pix_fmt yuv420p -c:a aac -b:a 160k nada07.mp4
```

இதில் இரண்டாம் வரி அரைச்சட்டங்களை 50 முழுச் சட்டங்களாக ஆக்குகின்றது. அவ்வரியிலுள்ள tff என்பது, மேலரைச்சட்டம் முதலில் வருகின்றது எனப் பொருள்படும். வெளியான படத்தில் நடந்து செல்பவர் முன்னும் பின்னும் துள்ளுவதுபோலத் தோன்றினால் வரிசை மாறிவிட்டது என்பது கருத்து. அங்கே bff என எழுதி மீண்டும் செய்யுங்கள். மூன்றாம் வரியில் 4:3 என்பதை எழுத மறந்தால், படத்திலுள்ளோர் சற்று மெலிந்து தோன்றுவர். அதே வரியிலுள்ள crf என்னும் எண் தரத்தைக் குறிக்கும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். 20 என்பதைக்கொண்டு முதலில் ஐந்து நிமிடப் பகுதியைச் செய்து பார்த்து, கூட்டமும் தீபமும் உள்ள காட்சிகளிற் சதுரக் கட்டங்கள் தென்படின் 18 ஆகக் குறையுங்கள்.

கனடாவிலிருந்து வந்த நாடாக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கு வழங்கியது என்.டி.எஸ்.சி. முறை, அதிற் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் சுமார் 480, செக்கனுக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். இவற்றை இயக்கப் பன்முறை இயக்கி வேண்டும். பதிவுக் கருவியிலும் அந்த முறையைத் தெரிந்தெடுத்து 720க்கு 480 என்னும் சட்டத்திலே பதிய வேண்டும். எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும் என்று எண்ணி இவற்றை ‘பால்’ முறைக்கு மாற்றாதீர்கள். கோடுகளையும் சட்டங்களையும் கூட்டியும் குறைத்தும் நிரப்புவதால் அசைவு தத்தித் தத்திச் செல்லும்.

இறுதியாக, சரிபார்த்தல். பலர் கோப்பின் தொடக்கத்தை மாத்திரம் பார்த்துத் திருப்தியடைந்து விடுகின்றனர். வழுக்கள் பெரும்பாலும் முடிவிலேதான் வெளிப்படும். பழைய நாடா சீரற்று ஓடும்போது பதிவுக் கருவி சில சட்டங்களைத் தவறவிடும். ஒலியோ தொடர்ந்து பதியும். இவ்வாறு செக்கனுக்குச் சிறிது சிறிதாகச் சேர்ந்து, இரண்டாவது மணி நேர முடிவில் உதடு அசைந்தபின் சொல் கேட்கும், அல்லது சொல் கேட்டபின் உதடு அசையும். ஆகவே ஒவ்வொரு கோப்பின் இறுதிப் பத்து நிமிடத்திலும் ஒருவர் கைதட்டும் இடத்தையோ, மேளம் அடிக்கும் இடத்தையோ தேடிப் பாருங்கள். கையும் ஓசையும் ஒன்றுபடவில்லையாயின், தவறவிட்ட சட்டங்களின் எண்ணிக்கையைப் பதிவு மென்பொருளிற் பார்த்து, அந்நாடாவை மீண்டும் ஓட்டுதல் நன்று. நிலையான பலகணிச் சட்டம் போன்ற நேர்க்கோடுகள் வளைந்து நெளிந்தால், இயக்கிக்கும் பதிவுக் கருவிக்கும் இடையே நேரத்தைச் சீராக்கும் கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டும், பழைய டீ.வீ.டி. பதிவுக் கருவிகள் சிலவற்றின் வழியாகப் படத்தைச் செலுத்தினாலும் இக்குறை பெரிதும் நீங்கும்.

468 ஜிகாபைட் என்னும் அளவின் பயன் இங்கேதான் தெளிவாகும். தொகுப்பு ஒரு சாதாரண வன்தட்டில் அடங்குவதால், அதே அளவுடைய இரண்டாவது தட்டொன்றில் முழுவதையும் பிரதி செய்து, வேறொரு வீட்டில், இயலுமாயின் வேறொரு நகரில் உள்ள உடன்பிறந்தாரிடம் வைக்கலாம். பார்ப்பதற்கான 108 ஜிகாபைட் பகுதியை மாத்திரம் சிறு நினைவகத்திற் பதிந்து பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அனுப்பலாம். கோப்புகளுக்குப் பெயரிடும்போது ஆண்டையும் வைபவத்தையும் சேர்த்தெழுதுங்கள். நாடாவின் உறையில் எழுதப்பட்டிருக்கும் குறிப்பைப் படமெடுத்து அக்கோப்போடு ஒரே இடத்தில் வையுங்கள். படத்திலே நிற்பவர் யார் யார் என்பதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அவர்களுடன் அமர்ந்து ஒருமுறை பார்த்து, கூறும் பெயர்களை எழுதிச் சேர்த்துவிடுங்கள். நாடாவிற் பதியாத விவரம் அது ஒன்றே. எக்கருவியாலும் பின்னர் அதைப் பெற இயலாது.